ஒற்றைக் குழல் நான்கு அறையாவது எப்படி: கருவின் இதயமும் பிறவிக் குறைகளும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைக்கு ஹார்ட்டில் ஓட்டை என்கிறார்கள். நன்றாக இருந்த இதயத்தில் ஓட்டை எப்படி விழுந்தது?

பெரும்பாலும் அது விழுந்த ஓட்டை அல்ல, மூடாமல் விட்டுப்போன வழி. கருவின் இதயம் முதலில் தடுப்பே இல்லாத ஒரு குழல். பிறகு அதற்குள் மேலறைகளுக்கு நடுவிலும், கீழறைகளுக்கு நடுவிலும், வெளியேறும் பெருங்குழாயின் நடுவிலும் சுவர்கள் எழுகின்றன. ஒவ்வொரு சுவரும் வெவ்வேறு திசுக்கள் வந்து சேர்ந்து முடிவது. அதில் ஒன்று குறைவாக வளர்ந்தாலோ, இடம் தவறி வந்தாலோ, சேர வேண்டிய நேரத்தில் சேராவிட்டாலோ அங்கே இடைவெளி நிற்கும். ஆகவே ஓட்டை எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தாலே எந்தத் திசு வரவில்லை என்று ஓரளவு சொல்லிவிடலாம். அது தானாக மூடுமா, மூடாதா என்பதும் பெரும்பாலும் அதிலிருந்தே தெரியும்.

புத்தகத்தில் 22-ஆம் நாள் இதயம் துடிக்கும் என்கிறது. டாக்டர் 6-ஆம் வாரம் என்கிறார். எது சரி?

இரண்டும் சரிதான், எண்ணத் தொடங்கும் நாள்தான் வேறு. கருவியல் நூல்கள் கருத்தரித்த நாளிலிருந்து எண்ணும். மகப்பேறு மருத்துவர் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார். வித்தியாசம் சுமார் 2 வாரம். 22-ஆம் நாள் என்பது அவர் கணக்கில் 5 வாரத்தைச் சற்றுத் தாண்டிய நாள். துடிப்பு ஸ்கேனில் தெளிவாகத் தெரிய இன்னும் சில நாள் பிடிக்கும். அதனால்தான் 6-ஆம் வாரம் என்கிறார்கள்.

இந்தப் பக்கத்தில் வரும் நாட்கள் எல்லாம், வேறு விதமாகச் சொன்னால் தவிர, கருத்தரிப்பிலிருந்து எண்ணியவை. குழல் வளைவது 23 முதல் 28-ஆம் நாள் வரை. சுவர்கள் எழுவது 4-ஆம் வாரக் கடைசியில் தொடங்கி 8-ஆம் வாரத்துக்குள் முடிந்துவிடும். பல பெண்கள் கர்ப்பத்தை உறுதி செய்துகொள்வதற்குள் வளைவு முடிந்திருக்கும்.

நேராக இருக்கும் குழல் ஏன் வளைய வேண்டும்? அதுவும் ஏன் வலப்பக்கமே?

வளைவதற்கு முதல் காரணம், குழல் நீள்கிறது, அதன் இரு முனைகளும் கட்டுண்டு கிடக்கின்றன. மேல் முனையிலிருந்து தமனிகள் போகின்றன. கீழ் முனையில் சிரைகள் வந்து சேர்கின்றன. நடுப்பகுதியை முதுகுப்புறத்தோடு பிடித்திருந்த மெல்லிய சவ்வு அறுந்து மறைந்துவிடுவதால் அது மட்டும் தடையின்றி அசையும். குழலின் சொந்தச் செல்கள் பெருகி மட்டும் இந்த நீட்சி வருவதில்லை. பின்னால் இருக்கும் இரண்டாம் இதயப் புலம் என்ற பகுதியிலிருந்து புதிய செல்கள் இரு முனைகளிலும் வந்து ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. வலது கீழறையும் வெளியேறும் குழாயும் பெரும்பாலும் இந்தப் பின்வரவுச் செல்களால் ஆனவை. அவை குறைந்தால் குழல் நீளம் போதாது, வளைவும் போதாது. வெளியேறும் குழாய் சேர வேண்டிய இடம்வரை எட்டாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான்கு குறைகள் சேர்ந்து வரும் ஃபாலோ நோய் பற்றிய கேள்வியில் மறுபடி வரும்.

வலப்பக்கம் என்பது இதற்கும் முன்பே, 3-ஆம் வாரத்தில் முடிவாகிறது. கருத்தட்டின் நடுவில் உள்ள ஒரு சிறு குழியில் முடிபோன்ற நுண்ணிய குற்றிழைகள் ஒரே திசையில் சுழன்று, திரவத்தை இடப்பக்கமாகத் தள்ளுகின்றன. இதனால் இடப்பக்கத்தில் மட்டும் சில மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. உடலுக்கு இடம் வலம் தெரிவது அப்படித்தான். குற்றிழைகள் அசையாமல் போனால் எந்தப் பக்கம் என்பது தற்செயலாகிவிடும். பாதிப் பேருக்கு உறுப்புகள் எல்லாம் கண்ணாடிப் பிம்பம்போல் இடம் மாறி அமையும். மூச்சுக்குழாயிலும் இதே குற்றிழைகள்தான் சளியைத் தள்ளுகின்றன. ஆகவே இதயம் வலப்பக்கம் இருக்கும் பிள்ளைக்கு அடிக்கடி சைனஸ் தொற்றும் நெஞ்சுச் சளியும் வந்தால் இரண்டையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும். மொத்தமும் ஒழுங்காகப் பிம்பம் மாறினால் இதயம் பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்யும். சில உறுப்பு மாறி, சில மாறாத அரைகுறை நிலைதான் ஆபத்து. கடுமையான இதயக் குறைகள் அதில்தான் கூடிவரும்.

மற்ற உறுப்புகள் சரியாக இருக்க, குழல் மட்டும் இடப்பக்கம் வளைவதும் உண்டு. அப்போது இரு கீழறைகளும் இடம் மாறிக்கொள்ளும், தமனிகளும் மாறியிருக்கும். இரண்டு தவறும் ஒன்றையொன்று ஈடு செய்வதால் இரத்தம் சேர வேண்டிய இடத்துக்குத்தான் போகும், குழந்தை நீலமாகாது. ஆனால் நுரையீரலுக்கு மட்டும் இரத்தம் அனுப்பவென்று அமைந்த அறை, வாழ்நாள் முழுக்க உடல் முழுவதற்கும் அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும். நடு வயதில் அந்த அறை தளரும், அதன் வால்வு கசியும். இதயத் துடிப்புக்கான மின்வழி தடைபடுவதும் இவர்களுக்கு அதிகம்.

வளைந்து முடிந்ததும் நடுவில் சுவர் எழுப்பினால் நான்கு அறை வந்துவிடும்தானே?

வராது. மாணவர்கள் மிகவும் தடுமாறும் இடம் இதுதான், மற்ற எல்லாவற்றுக்கும் சாவியும் இதுதான்.

வளைந்து முடிந்த குழலில் இரத்தம் போகும் வரிசையைப் பாருங்கள். சிரைகள் சேரும் பை, பொது மேலறை, குறுகிய வாய், வருங்கால இடது கீழறை, வருங்கால வலது கீழறை, வெளியேறும் குழாய். இரு கீழறைகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தாலும் ஒன்றின் வழியாகத்தான் மற்றதற்கு இரத்தம் போகிறது. உள்ளே வரும் வாய் இடது கீழறைக்குள் மட்டும் திறக்கிறது. வெளியே போகும் குழாய் வலது கீழறையிலிருந்து மட்டும் புறப்படுகிறது. இந்த நிலையில் நடுவில் சுவர் எழுப்பினால் இடதறைக்கு வெளிவாசல் இருக்காது, வலதறைக்கு உள்வாசல் இருக்காது.

அதனால் சுவர் முழுமையாவதற்குள் இரண்டு நகர்வுகள் நடந்தாக வேண்டும். உள்வாய் வலப்பக்கமாக விரிந்து இரு அறைக்கும் பொதுவாக வேண்டும். வெளியேறும் குழாய் இடப்பக்கமாக நகர்ந்து, அதன் பெருந்தமனிப் பாதி இடது கீழறைக்கு மேல் வந்து அமர வேண்டும்.

முதல் நகர்வு நடக்காவிட்டால் இரு உள்வால்வுகளும் இடது கீழறைக்குள்ளேயே திறக்கும். இரத்தம் போதாத வலது அறை சின்னதாகவே நின்றுவிடும். இரண்டாம் நகர்வு நடக்காவிட்டால் இரு பெருந்தமனிகளும் வலது கீழறையிலிருந்தே கிளம்பும். இந்தக் குழந்தைக்குக் கீழறைகளுக்கு நடுவில் உள்ள ஓட்டைதான் இடதறையின் ஒரே வெளிவாசல். அதை வெறுமனே அடைத்தால் குழந்தை பிழைக்காது. அதனால் அறுவை மருத்துவர் ஓட்டையை அடைப்பதில்லை, அதிலிருந்து பெருந்தமனிவரை உள்ளே ஒரு சுரங்கம்போல் தடுப்பு வைத்துத் தைக்கிறார். கரு செய்யாமல் விட்ட நகர்வை அவர் துணித்துண்டால் செய்து முடிக்கிறார்.

டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்கு நடுப்பகுதியே இல்லை என்கிறார்களே, அது என்ன?

உள்வாயின் முன்னும் பின்னும் இரண்டு மெத்தைத் திசுக்கள் புடைத்து வளர்ந்து, 6-ஆம் வார வாக்கில் நடுவில் ஒட்டிக்கொள்கின்றன. ஒரே வாய் இரண்டு வாயாகிறது. மேலறைச் சுவர் மேலிருந்தும் கீழறைச் சுவர் கீழிருந்தும் வந்து சேர்வது இந்த மெத்தையில்தான். பின்புறம் இருக்கும் இரண்டாம் இதயப் புலத்திலிருந்து இன்னொரு திசு நுழைந்து அந்தச் சேர்க்கையை முழுமையாக்குகிறது.

இது சேராவிட்டால் இதயத்தின் மையமே திறந்து கிடக்கும். மேலே ஓர் ஓட்டை, கீழே ஓர் ஓட்டை, நடுவில் இரண்டு வால்வுக்குப் பதில் ஒரே பொது வால்வு. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஓர் இதயக் குறை இருக்கும். அதில் இந்த வகை மிக அதிகம். ஸ்டெதாஸ்கோப்பில் இதயத்தின் முனகல் ஒலி கேட்கவில்லை என்று விட்டுவிடக் கூடாது. ஓட்டை பெரிதாக இருக்கும்போது இரு பக்க அழுத்தமும் சமமாகி, ஒலியே எழாமல் போகலாம். டவுன் சிண்ட்ரோம் என்று தெரிந்த எல்லாக் குழந்தைக்கும் பிறந்த சில நாட்களிலேயே எக்கோ பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சை வழக்கமாக 3 முதல் 6 மாதத்துக்குள். தாமதித்தால் நுரையீரல் இரத்தக் குழாய்கள் தடித்துப்போய், பிறகு சரி செய்ய முடியாத நிலை வரும்.

மேலறைச் சுவர் மட்டும் ஏன் இரண்டு அடுக்கு? ஒரே சுவர் போதாதா?

கருவின் நுரையீரல் வேலை செய்வதில்லை. நஞ்சுக்கொடி வழியாக வரும் ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் வலது மேலறைக்கு வருகிறது. அங்கிருந்து நேராக இடப்பக்கம் தாண்டினால்தான் மூளைக்குப் போகும். ஆகவே பிறக்கும்வரை வழி திறந்திருக்க வேண்டும், பிறந்த உடனே மூடவும் வேண்டும்.

முதல் சுவர் கூரையிலிருந்து மெல்லிய தாளாக இறங்குகிறது. அது மெத்தையைத் தொட்டுக் கீழ்வழியை அடைப்பதற்கு முன்பே, அதன் மேற்பகுதியில் செல்கள் மடிந்து புதிய துளை ஒன்று உண்டாகிறது. இரண்டாவது சுவர் அதன் வலப்பக்கத்தில் தடித்த மடிப்பாக இறங்கி, அந்தத் துளையை மறைக்கிறது. ஆனால் தன் கீழ்ப்பக்கத்தில் ஒரு வழியை விட்டுவைக்கிறது. முதல் தாள் அந்த வழிக்குக் கதவாகிறது. முதல் மூச்சோடு நுரையீரலிலிருந்து இரத்தம் பெருகி வந்து இடது மேலறையின் அழுத்தம் உயரும்போது கதவு சாத்திக்கொள்ளும். பிறகு மெதுவாக ஒட்டும். பெரியவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு அது ஒட்டுவதே இல்லை, சாத்தி மட்டும் இருக்கும். அதை நோயாகக் கருத வேண்டியதில்லை.

முதல் தாளில் துளை அளவுக்கு மீறிக் கரைந்துவிட்டாலோ, இரண்டாம் மடிப்பு குட்டையாக நின்றாலோ கதவு நிலையை எட்டாது. மேலறை ஓட்டையில் இதுதான் மிகப் பரவலான வகை. சிறியது தானாக மூடலாம். ஓரங்கள் போதுமான அகலம் இருந்தால் தொடைச் சிரை வழியாகக் கருவி கொண்டுபோய் அடைக்கலாம். மெத்தையை ஒட்டியிருக்கும் ஓட்டைக்கும், மேற்பெருஞ்சிரை நுழையும் வாயருகே இருக்கும் ஓட்டைக்கும் அந்த வழி பொருந்தாது, அறுவைதான். சிரை வாயருகே உள்ளதைச் சாதாரண எக்கோவில் தவறவிடுவதும் நடக்கும். வலதறை வீங்கியிருந்தும் ஓட்டை தென்படாவிட்டால் அங்கேதான் தேட வேண்டும்.

கீழறை ஓட்டை ஒரு பிள்ளைக்குத் தானாக மூடுகிறது, இன்னொரு பிள்ளைக்கு ஆபரேஷன் என்கிறார்களே?

இடமும் அளவும் வேறு. கீழறைச் சுவரின் பெரும்பகுதி அடியிலிருந்து எழும் தசை. மேலே மெத்தையும் வெளிவழிச் சுவரும் வந்து சேரும் மூலையில் ஒரு சிறு சவ்வுத் துண்டு கடைசியாக மூடுகிறது. மூன்று திசுக்கள் சந்திக்கும் அந்த மூலையில்தான் ஓட்டைகள் அதிகம். தசைப் பகுதியில் உள்ள சின்ன ஓட்டை பிறந்த பிறகு தசை வளர வளர நெருங்கி மூடிவிடும். தமனி வால்வுகளுக்கு நேர் கீழே உள்ளது தானாக மூடுவதாக நம்பக் கூடாது. அது பெருந்தமனி வால்வின் ஓர் இதழை உள்ளே இழுத்துக் கசிய வைக்கும். ஆசிய மக்களிடம் இந்த வகை கூடுதலாகக் காணப்படுவதால், அறிகுறி ஒன்றும் இல்லாவிட்டாலும் எக்கோவைத் தவறாமல் திரும்பப் பார்க்கச் சொல்கிறோம்.

பெற்றோர் பயப்படுவது சத்தமான முனகலுக்கு. ஆனால் சின்ன ஓட்டைதான் அதிகம் சத்தமிடும். கவனிக்க வேண்டியது வேறு. பிறந்த 3 முதல் 6 வாரத்தில் நுரையீரலுக்குள் இரத்தம் போவதற்கான தடை இறங்கும்போதுதான் பெரிய ஓட்டை வேலையைக் காட்டும். பால் குடிக்கையில் நெற்றி வியர்ப்பது, நடுவே நிறுத்தி நிறுத்திக் குடிப்பது, மூச்சு வாங்குவது, எடை ஏறாமல் நிற்பது. பிறந்த வாரம் நன்றாக இருந்தது என்பதால் ஓட்டை சின்னது என்று ஆகாது.

ஒரே குழந்தைக்கு நான்கு குறை இருக்கிறதாம். நான்கும் எப்படிச் சேர்ந்து வந்தன?

நான்கும் ஒரே தவறின் விளைவுகள். மார்சேய் நகர மருத்துவர் ஆர்தர் ஃபாலோ 1888-இல் விவரித்ததால் அவர் பெயரில் இந்த நோய் வழங்குகிறது.

வெளியேறும் குழாயை இரண்டாக்கும் சுவர் சுழல்படிபோல் முறுகி இறங்குகிறது. பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் ஒன்றையொன்று சுற்றிச் செல்வது இதனால்தான். இந்தச் சுவருக்கு மூளைக் குழாயின் முதுகோரத்திலிருந்து பயணித்து வரும் நரம்பு முகட்டுச் செல்கள் தேவை. இவை வராமலே போனால் சுவரே எழாது, இரண்டுக்கும் பொதுவாக ஒரே தமனி நிற்கும். சுவர் எழுந்தும் முறுகாமல் நேராக இறங்கினால் பெருந்தமனி வலதறையோடும் நுரையீரல் தமனி இடதறையோடும் இணைந்துவிடும்.

ஃபாலோவில் சுவர் எழுந்திருக்கும், முறுகியும் இருக்கும். ஆனால் குழாயின் நடுவில் அமராமல் முன்பக்கமாகத் தள்ளி அமர்ந்திருக்கும். முன்பு சொன்ன பின்வரவுச் செல்கள் குறைந்து, குழாயின் நீளம் போதாமல் போனால் இப்படி ஆகலாம். இனி ஒவ்வொன்றாகப் பாருங்கள். முன்னால் இருப்பது நுரையீரல் வழி, ஆகவே அது நெருக்கப்பட்டுக் குறுகுகிறது. சுவரின் கீழ்முனை, கீழறைச் சுவரின் மேல்முனைக்கு நேராக வராததால் அங்கே பெரிய ஓட்டை நிற்கிறது. பெருந்தமனிக்குத் தன் பங்கைவிட அதிக இடம் கிடைத்து, அது ஓட்டையின் மேல் இரு அறைக்கும் பொதுவாக அமர்கிறது. நான்காவதான தடித்த வலதறை, குறுகிய வழியில் இரத்தத்தைத் தள்ளித் தள்ளிப் பின்னால் உண்டாவது.

குழந்தை எவ்வளவு நீலமாகும் என்பதை ஓட்டை தீர்மானிப்பதில்லை, நுரையீரல் வழியின் நெருக்கம்தான் தீர்மானிக்கும். நெருக்கம் குறைவென்றால் பிறக்கும்போது நல்ல நிறம் இருக்கும். சில மாதத்தில் அந்த வழியின் தசை தடிக்கத் தடிக்க நிலை மாறும். காலையில் அழும்போதோ மலம் கழிக்கும்போதோ திடீரென்று உதடு கறுத்து, வேகமாக மூச்சு விட்டு, துவண்டுவிடும். அப்போது குழந்தையின் முழங்கால்களை மடக்கி மார்போடு அணைத்துப் பிடியுங்கள். கால்களின் தமனிகள் நெருங்கி உடல் பக்கத்து அழுத்தம் உயரும், பெருந்தமனிக்குப் போக முடியாத இரத்தம் நுரையீரல் பக்கம் திரும்பும். நடக்கும் வயதுப் பிள்ளை ஓடிவிட்டுத் தானே குந்தி உட்கார்வதும் இதற்காகத்தான். பிடித்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும், தெளிந்துவிட்டதே என்று வீட்டில் இருக்கக் கூடாது.

அறுவையில் ஓட்டையை, இடதறை இரத்தம் பெருந்தமனிக்கே போகும்படி சாய்வாகத் துண்டு வைத்து மூடி, நுரையீரல் வழியை அகலப்படுத்துவார்கள். கூடவே 22-ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருக்கிறதா என்ற பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். ஃபாலோ குழந்தைகளில் ஏறக்குறைய ஆறு ஏழு பேரில் ஒருவருக்கு அது இருக்கும். இருந்தால் இரத்தத்தில் கால்சியம் குறையலாம், நோய் எதிர்ப்பும் குறைவாக இருக்கலாம்.

பிறந்தபோது நன்றாக அழுத குழந்தை மறுநாள் நீலமானது. ஏன் ஒரு நாள் தாமதம்?

பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறியிருந்தால் உடல் இரத்தம் உடலுக்கே, நுரையீரல் இரத்தம் நுரையீரலுக்கே என்று இரண்டு தனிச் சுற்றுகளாக ஓடும். இரண்டும் கலக்க ஏதாவது வழி இருந்தால்தான் உயிர். பிறந்தவுடன் இரு தமனிகளையும் இணைக்கும் குறுங்குழாய் திறந்திருக்கும். முதல் நாளிலேயே அது சுருங்கத் தொடங்கும்போது நீலம் ஏறும். மூக்கில் ஆக்சிஜன் வைத்தும் நிறம் தேறாவிட்டால் இதை நினைக்க வேண்டும். புரோஸ்டாகிளாண்டின் ஊசி மருந்து அந்தக் குழாயைத் திறந்து வைக்கும். 1966 முதல், பலூன் கொண்டு மேலறைச் சுவரைக் கிழித்து வழி செய்யும் முறையும் உண்டு. தமனிகளை மாற்றித் தைக்கும் அறுவையை முதல் சில வாரங்களுக்குள் செய்ய வேண்டும். நுரையீரல் தடை இறங்கியபின் இடதறைத் தசை பழக்கம் விட்டு மெலிந்துவிடும், உடல் சுமையை ஏற்காது.

20 வார ஸ்கேனில் நான்கு அறையும் நார்மல் என்று எழுதியிருக்கிறது. பிறகு எப்படி இந்த நோய்?

நான்கு அறை தெரியும் அந்த வெட்டில் வெளியேறும் தமனிகள் வராது. ஃபாலோ நோயிலும், தமனிகள் இடம் மாறிய நோயிலும் அந்தப் படம் இயல்பாகவே இருக்கலாம். 18 முதல் 22 வார ஸ்கேனில் (இது மாதவிலக்குக் கணக்கு) இரு தமனிகளும் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றனவா, அளவில் ஒத்திருக்கின்றனவா என்பதையும் பார்த்து எழுதியிருக்க வேண்டும். கடக்காமல் இணையாகப் போனால் சுவர் முறுகவில்லை. ரிப்போர்ட்டில் தமனிகள் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் பார்த்தார்களா என்று கேளுங்கள். மேலறைக் கதவு கருவில் திறந்துதான் இருக்கும் என்பதால் மேலறை ஓட்டையை அப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. சின்னக் கீழறை ஓட்டையும் தப்பும்.

நான் ஏதாவது தவறாகச் சாப்பிட்டதால் வந்ததா? அடுத்த குழந்தைக்கும் வருமா?

உணவால் வந்ததல்ல. பெரும்பாலானோருக்குத் தனி ஒரு காரணம் கிடைப்பதே இல்லை. தெரிந்த காரணங்களில் முக்கியமானது, கருத்தரிக்கும்போதே கட்டுப்பாடில்லாமல் இருக்கும் சர்க்கரை நோய். கர்ப்பத்தின் பிற்பகுதியில் மட்டும் வரும் சர்க்கரை நோய் அப்படியல்ல, சுவர்கள் எழுந்து முடிந்த பிறகுதான் அது வருகிறது. ருபெல்லா அம்மை, வலிப்புக்கான வால்ப்ரோயேட், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், நெருங்கிய உறவில் திருமணம் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும். வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், கருத்தரிக்கத் திட்டமிடும் முன்பே மருத்துவரிடம் மாற்றித் தரக் கேளுங்கள்.

பொதுவாக ஆயிரம் பிறப்பில் 8 குழந்தைக்கு ஏதோ ஓர் இதயக் குறை உண்டு. ஒரு குழந்தைக்கு வந்திருந்தால் அடுத்ததற்கு வாய்ப்பு நூற்றில் 2 அல்லது 3. மரபணுக் காரணம் கண்டுபிடிக்கப்பட்டால் கணக்கு வேறு. அடுத்த கர்ப்பத்தில் கருவின் இதய எக்கோவைத் தனியாகக் கேட்டு, மாதவிலக்குக் கணக்கில் சுமார் 20 வாரத்துக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் குழந்தையின் எக்கோ ரிப்போர்ட்டையும் அறுவை சிகிச்சைக் குறிப்பையும் கையில் கொண்டுபோங்கள். எந்தச் சுவரை, எந்தக் குழாயை உற்றுப் பார்க்க வேண்டும் என்று பரிசோதிப்பவருக்கு அதிலிருந்துதான் தெரியும்.